50-ஐ நீக்கினால் சரி, அடுத்து 60-ஐ நீக்கினால் செக்மென்டேஷன் ஃபால்ட்: பைனரி சர்ச் ட்ரீ லேப் நிரல்

இரண்டாம்_ஆண்டு · 9 செப்டம்பர், இரவு 9.15

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேபுக்காக சி மொழியில் பைனரி சர்ச் ட்ரீ எழுதியிருக்கிறேன். மெனுவில் சேர்த்தல், நீக்கல், இன்ஆர்டர் ஆகிய மூன்றும் உள்ளன. 50, 30, 70, 20, 40, 60, 80 என்ற வரிசையில் சேர்த்தால் இன்ஆர்டர் ஏறுவரிசையில் வருகிறது. பிறகு 50-ஐ நீக்கினால் `20 30 40 60 70 80` என்று சரியாகவே காட்டுகிறது. அதைத் தொடர்ந்து 60-ஐ நீக்கும்போதும் எந்தப் பிழையும் வருவதில்லை. ஆனால் அதன் பிறகு இன்ஆர்டரைத் தேர்ந்தெடுத்தவுடன் ஒரு எண்கூடத் திரையில் வராமல் `Segmentation fault (core dumped)` என்று நின்றுவிடுகிறது. உபுண்டு 22.04, gcc.

இரு பக்கமும் கிளை உள்ள கணுவை நீக்கும் பகுதி இது. `t` என்பது நீக்க வேண்டிய கணு.

```c
struct node *p = t, *s = t->right;
while (s->left != NULL) {
    p = s;
    s = s->left;
}
t->key = s->key;
p->left = s->right;
free(s);
```

இன்ஆர்டர் இது.

```c
void inorder(struct node *t) {
    if (t == NULL) return;
    inorder(t->left);
    printf("%d ", t->key);
    inorder(t->right);
}
```

நிரல் இன்ஆர்டரில்தான் நிற்கிறது. ஆனால் இந்த நான்கு வரிகளில் என்ன தவறு இருக்க முடியும் என்று எனக்குப் புரியவில்லை. வரும் வெள்ளிக்கிழமை மாடல் தேர்வு இருக்கிறது.

பைட்டுப்பையன் · 9 செப்டம்பர், இரவு 9.50

இன்ஆர்டரில் தவறு இல்லை. `free(s)` என்ற வரிதான் காரணம். விடுவித்த இடத்தை யாரோ மறுபடி தொடுகிறார்கள். அந்த வரியை நீக்கிவிட்டு இயக்கிப் பாருங்கள், நிரல் நிற்காது. லேப் நிரல் முடிந்தவுடன் நினைவகம் முழுவதையும் இயங்குதளமே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பதால் ஏழு கணுக்களை விடுவிக்காமல் விடுவதில் குறை ஒன்றும் இல்லை. எங்கள் பேட்ச்சில் பலரும் அப்படித்தான் எழுதினோம்.

கேள்விக்குறி · 9 செப்டம்பர், இரவு 10.05

எனக்கும் இதே பிரச்சினைதான். எத்தனை எண்களைச் சேர்த்தாலும் இன்ஆர்டர் ஒன்றுமே காட்டுவதில்லை. main-இல் `insert(root, 50);` என்று அழைக்கிறேன். நானும் `free`-ஐ எடுத்துவிடலாமா?

இரண்டாம்_ஆண்டு · 9 செப்டம்பர், இரவு 10.20

பைட்டுப்பையன் அண்ணா, `free`-ஐ எடுத்துவிட்டேன். நிரல் இப்போது நிற்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் 50, 60 இரண்டையும் நீக்கிய பிறகு இன்ஆர்டர் இப்படி வருகிறது.

```
80 70 70 80
```

20, 30, 40 மூன்றும் காணாமல் போய்விட்டன. 70, 80 இரண்டும் இருமுறை வருகின்றன. முன்பைவிட இப்போதுதான் எனக்கு அதிகம் புரியவில்லை.

லேப்_மேடம் · 10 செப்டம்பர், காலை 6.10

`80 70 70 80` என்ற இந்த வெளியீடு மிகவும் பயனுள்ளது. பிழை எங்கே இருக்கிறது என்பதை அது அப்படியே சொல்லிவிடுகிறது. ஒரு தாளை எடுத்து மரத்தை வரைந்துகொண்டு என்னுடன் வாருங்கள்.

50-ஐ நீக்கும்போது `s` முதலில் 70-இல் நிற்கிறது. 70-க்கு இடப்பக்கம் 60 இருப்பதால் சுழல் ஒருமுறை ஓடுகிறது. `p` 70-க்கும் `s` 60-க்கும் நகர்கின்றன. 60 மேலே நகலாகிறது, 70-இன் இடப்பக்கம் வெறுமையாகிறது, பழைய 60 விடுவிக்கப்படுகிறது. எல்லாம் சரி. இப்போது ரூட்டில் 60, அதன் இடப்பக்கம் 30, வலப்பக்கம் 70, அந்த 70-க்கு வலப்பக்கம் மட்டும் 80.

அடுத்து 60-ஐ நீக்குகிறீர்கள். `s` மறுபடியும் 70-இல் தொடங்குகிறது. இம்முறை 70-க்கு இடப்பக்கம் எதுவும் இல்லாததால் சுழல் ஒருமுறைகூட ஓடுவதில்லை. ஆகவே `p` தொடக்கத்தில் இருந்த இடத்திலேயே, அதாவது ரூட்டிலேயே, நிற்கிறது. அதன் பிறகு வரும் `p->left = s->right` என்ற வரி ரூட்டின் இடப்பக்கத்தையே மாற்றி எழுதுகிறது. அங்கே இருந்த 30 அறுந்து போகிறது, அதோடு 20, 40 இரண்டும் போகின்றன, அந்த இடத்தில் 80 வந்து தொங்குகிறது. ரூட்டின் வலப்பக்கம் மாறவே இல்லை. அது இன்னமும் பழைய 70-ஐத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த மரத்தை இன்ஆர்டரில் நடந்து பாருங்கள். இடப்பக்கம் 80, ரூட்டில் புதிதாக எழுதிய 70, வலப்பக்கம் பழைய 70, அதன் வலப்பக்கம் அதே 80. நீங்கள் கண்ட நான்கு எண்களும் இவைதான். 80 என்ற கணு ஒன்றுதான், அதற்கு இரண்டு வழிகளில் போக முடிகிறது.

அந்த வரி எழுதப்பட்டபோது, சக்சஸர் எப்போதும் தன் பெற்றோருக்கு இடப்பக்கம்தான் இருக்கும் என்ற எண்ணம் அதற்குள் இருந்திருக்கிறது. நீக்கப்படும் கணுவின் வலப்பக்கக் கணுவே சக்சஸராக அமையும்போது அந்த எண்ணம் பொய்த்துப் போகிறது. திருத்தம் இவ்வளவுதான்.

```c
if (p == t)
    p->right = s->right;
else
    p->left = s->right;
```

`free` பற்றிப் பைட்டுப்பையன் கூறியதில் ஒரு பாதி சரி. விடுவித்த இடம் மறுபடி தொடப்படுகிறது என்பதை அவர் சரியாகக் கண்டார். ஆனால் `free`-ஐ எடுத்தால் அறிகுறி மறைகிறதே தவிர, மரம் உடைந்தது உடைந்ததுதான். ரூட்டின் வலப்பக்கம் விடுவிக்கப்பட்ட கணுவையே காட்டிக்கொண்டிருந்ததால்தான் நிரல் நின்றது. அந்த வரியைத் திரும்ப வையுங்கள்.

கேள்விக்குறி, உங்களுடையது வேறு பிரச்சினை. `insert` புதிய ரூட்டைத் திருப்பி அனுப்புகிறது, நீங்கள் அதை வாங்கிக்கொள்வதில்லை. `root = insert(root, 50);` என்று எழுதுங்கள். நீக்கலுக்கும் இது பொருந்தும்.

இரண்டாம்_ஆண்டு · 10 செப்டம்பர், காலை 7.40

தாளில் வரைந்தேன் மேடம். சுழல் ஓடாத இடம் வரை வந்தவுடன் தெளிவாகிவிட்டது. திருத்தத்துக்குப் பிறகு `20 30 40 70 80` வருகிறது.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம் இருக்கிறது. `free` இருந்தபோது நிரல் வலப்பக்கம் போகும்போதுதானே நின்றிருக்க வேண்டும்? அதற்கு முன்பே 80-உம் 70-உம் அச்சாகியிருக்க வேண்டுமே. ஏன் ஒரு எண்கூட வரவில்லை?

சேலத்து_மென்பொருளர் · 10 செப்டம்பர், காலை 8.25

அவை அச்சாகத்தான் செய்தன, திரைக்கு வந்து சேரவில்லை. டெர்மினலுக்குப் போகும் `printf` வெளியீடு ஒரு வரி முடியும்வரை பஃபரில் காத்திருக்கும். உங்கள் `"%d "`-இல் `\n` இல்லை. வரி முடியும் முன்பே நிரல் கொல்லப்பட்டதால் பஃபரில் இருந்த `80 70` அதோடு போய்விட்டது. பிழை தேடும் நேரத்தில் `printf`-க்கு அடுத்து `fflush(stdout);` என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அந்த இரண்டு எண்களையும் நேற்றே கண்டிருப்பீர்கள். ஏறுவரிசையில் வர வேண்டிய இடத்தில் 80-க்குப் பின் 70 வருவதைக் கண்டிருந்தால், பிழை இன்ஆர்டரில் இல்லை, மரத்தில்தான் இருக்கிறது என்பது அப்போதே தெரிந்திருக்கும்.

நிரல் நின்ற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 64 பிட் கணினியில் உங்கள் கணு 24 பைட். முதல் 4 பைட்டில் எண், அடுத்த 4 வெறுமை, 8-ஆம் பைட்டிலிருந்து `left`, 16-இலிருந்து `right`. உபுண்டு 22.04-இல் உள்ள glibc, இத்தகைய சிறிய இடத்தை விடுவிக்கும்போது அதன் முதல் 16 பைட்டில் தன் சொந்தக் குறிப்புகளை எழுதிக்கொள்கிறது. அதில் `left` இருந்த இடமும் அடங்கும். அதுவரை NULL ஆக இருந்த அந்த `left`-இல் இப்போது அர்த்தமற்ற ஏதோ ஓர் எண் இருக்கிறது. இன்ஆர்டர் அதை முகவரி என்று நம்பிப் பின்தொடர்கிறது. விடுவித்த இடத்தில் எதையும் எழுதாத வேறொரு சி லைப்ரரியுடன் இதே நிரல் நிற்காமல் `80 70 70 80` காட்டக்கூடும். ஆகவே வகுப்பில் ஒருவருடைய கணினியில் நிற்பதும் இன்னொருவருடையதில் ஓடுவதும் வியப்பல்ல.

இத்தகைய பிழையை நேராகப் பிடிக்க இப்படித் தொகுத்து இயக்குங்கள்.

```
gcc -g -fsanitize=address bst.c -o bst
./bst
```

திருத்தாத நிரலை இப்படி இயக்கினால் `heap-use-after-free` என்று வரும். அதன் கீழே வாசிக்க முயன்ற வரி `inorder`-இல் இருப்பதாகவும், `freed by thread T0 here` என்ற பகுதியில் விடுவித்த வரி உங்கள் `free(s)` என்றும் காட்டும். அந்த இரண்டாவது வரி எண்தான் உங்களை உண்மையான இடத்துக்கு அழைத்துச் செல்லும்.

பைட்டுப்பையன் · 10 செப்டம்பர், காலை 9.00

மேடம் கொடுத்த `if`-ஐ இன்னும் எளிதாக்கலாம். சக்சஸர் என்பது வலப்பக்கத்தில் இருப்பவற்றில் மிகச் சிறியது, அதாவது கடைசிவரை இடப்பக்கம் இறங்கிப் போய்ச் சேரும் கணு. அது எப்போதும் இலைக்கணுவாகத்தான் இருக்கும். ஆகவே `s->right` என்று எழுதத் தேவையில்லை, இரண்டு இடத்திலும் NULL என்று வைத்தாலே போதும்.

லேப்_மேடம் · 10 செப்டம்பர், மதியம் 1.05

அது போதாது. சக்சஸருக்கு இடப்பக்கம் எதுவும் இருக்காது என்பது மட்டும்தான் உறுதி. வலப்பக்கம் ஒரு முழுக் கிளையே இருக்கலாம். மேலே பார்த்த 70-க்கு வலப்பக்கம் 80 இருந்ததை மறந்துவிட்டீர்கள்.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன், ஏனெனில் இந்தப் பிழை முந்தையதைவிட மறைவானது. அதே ஏழு எண்களுடன் எட்டாவதாக 65-ஐச் சேருங்கள். அது 60-இன் வலப்பக்கம் அமரும். இப்போது 50-ஐ நீக்கினால் சக்சஸர் 60. 70-இன் இடப்பக்கத்தை NULL ஆக்கினால் 65 காணாமல் போகும். ஆனால் இன்ஆர்டர் என்ன காட்டும் என்று பாருங்கள்.

```
20 30 40 60 70 80
```

ஏறுவரிசை கெடவே இல்லை. நிரலும் நிற்கவில்லை. திரையை மேலோட்டமாகப் பார்ப்பவர் சரி என்று கையெழுத்திட்டுவிடுவார். ரெக்கார்டு நோட்டில் இப்படிப்பட்ட வெளியீடுகளை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஆகவே ஒவ்வொரு நீக்கலுக்குப் பிறகும் வரிசையை மட்டும் பார்க்காமல், எண்களின் எண்ணிக்கை சரியாக ஒன்று குறைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். முதல் பிழை வரிசையைக் கெடுத்தது, இந்தப் பிழை எண்ணிக்கையைக் கெடுக்கிறது.

இவை எல்லாவற்றையும் ஒரே வரியில் தவிர்க்க விரும்பினால், `p`-ஐ விட்டுவிட்டு நீக்கும் செயற்கூறையே மறுபடி அழைக்கலாம்.

```c
t->key = s->key;
t->right = removeKey(t->right, s->key);
```

சக்சஸருக்கு இரண்டு கிளைகள் இருக்க முடியாது என்பதால் இந்த இரண்டாவது அழைப்பு எளிய நிலையில் போய் முடிந்துவிடும், `free`-உம் அங்கேயே நடந்துவிடும். சக்சஸர் வரையிலான பாதையை இரண்டாம் முறை நடக்க வேண்டியிருப்பது மட்டுமே இதன் விலை. `t->right =` என்பதை எழுத மறந்தால் பழைய 70 பிரச்சினை வேறு வாசல் வழியாகத் திரும்ப வந்துவிடும்.

பைட்டுப்பையன் · 10 செப்டம்பர், மதியம் 1.30

65 எடுத்துக்காட்டை ஏற்றுக்கொள்கிறேன். மறுபடி அழைக்கும் முறையை ஏற்க மனம் வரவில்லை. வைவாவில் "ஏன் இருமுறை தேடுகிறீர்கள்" என்று கேட்டால் மாணவி என்ன சொல்வார்? `if` உள்ள வடிவமே தேர்வுக்கு நல்லது என்பது என் கருத்து.

சேலத்து_மென்பொருளர் · 10 செப்டம்பர், இரவு 8.45

இருவரும் எண்ணை நகல் செய்வதையே எடுத்துக்கொள்கிறீர்கள். என் வேலையில் அதுவே எங்களைச் சிக்கலில் மாட்டியது என்பதால் சொல்கிறேன். நேரத்தை எண்ணாக வைத்து அடுக்கிய ஒரு மரத்தை வைத்திருந்தோம், ஒவ்வொரு கணுவும் ஒரு வேலையைக் குறித்தது. நிரலின் வேறு பகுதிகள் தங்களுக்குரிய கணுவின் முகவரியைக் கையில் வைத்திருந்தன. 50-ஐ நீக்கச் சொன்னால் நாம் உண்மையில் விடுவிப்பது 60 இருந்த கணுவைத்தான். 60-க்கு உரியவர் வைத்திருக்கும் முகவரி செத்துவிடுகிறது, 50-க்கு உரியவர் வைத்திருக்கும் முகவரியில் இப்போது 60 குடியிருக்கிறது. நீக்கச் சொன்னவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் தொடர்பே இல்லாததால் இதைக் கண்டுபிடிப்பது கடினமாக இருந்தது.

அங்கே நாங்கள் எண்ணைத் தொடாமல், சக்சஸர் கணுவையே அதன் இடத்திலிருந்து கழற்றி, நீக்கப்படும் கணுவின் இரண்டு கிளைகளையும் அதில் மாட்டி, பெற்றோரின் பாயிண்டரை அதற்குத் திருப்பினோம். நான்கைந்து வரிகள் கூடும். லேபில் கணுவின் முகவரியை யாரும் வெளியே வைத்திருப்பதில்லை என்பதால் நகல் செய்வதே போதுமானது. ஆனால் அது எப்போது போதாது என்று தெரிந்திருப்பது நல்லது.

கேள்விக்குறி · 11 செப்டம்பர், காலை 7.15

`root =` சேர்த்தவுடன் என்னுடையது சரியாகிவிட்டது. இப்போது இன்னொன்று. எங்கள் ஆசிரியர் சக்சஸருக்குப் பதிலாக இடப்பக்கத்தில் மிகப் பெரியதை, அதாவது ப்ரெடிசெசரை, மேலே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். மேடம் சொல்லும் முறையில் எழுதினால் என் வெளியீடு மாறிவிடுமா?

லேப்_மேடம் · 11 செப்டம்பர், மதியம் 12.50

இன்ஆர்டர் மாறாது. எந்த முறையில் நீக்கினாலும் மிச்சம் இருக்கும் எண்களின் ஏறுவரிசை ஒன்றுதான், ஆகவே நீங்கள் எந்த முறையைப் பின்பற்றினீர்கள் என்பதை இன்ஆர்டரை வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ப்ரீஆர்டர் போட்டால் தெரிந்துவிடும். ஏழு எண்கள் உள்ள மரத்தில் 50-ஐ நீக்கினால், சக்சஸர் முறையில் `60 30 20 40 70 80` வரும், ப்ரெடிசெசர் முறையில் `40 30 20 70 60 80` வரும். இரண்டும் சரியான மரங்களே.

ஒரே எண் இருமுறை வரலாம் என்று நீங்கள் அனுமதித்தால் மட்டும் இரண்டும் சமமல்ல. சமமான எண் வலப்பக்கம் போகும்படி `insert` எழுதியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். 50, 30, 70, 40, 40 என்று சேர்த்துவிட்டு, ப்ரெடிசெசர் முறையில் 50-ஐ நீக்கினால் ரூட்டில் 40 வரும், இன்னொரு 40 அதன் இடப்பக்கக் கிளைக்குள் இருக்கும். இனிமேல் சமமானவற்றை வலப்பக்கம் மட்டும் தேடும் எவருக்கும் அந்த இரண்டாவது 40 கிடைக்காது. சமமான எண் வலப்பக்கம் போகும் மரத்துக்குச் சக்சஸர் முறையே பொருந்தும். லேப் கேள்வித்தாள் இதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நான் என் மாணவர்களை ஏற்கெனவே உள்ள எண்ணைச் சேர்க்க மறுக்கும்படி எழுதச் சொல்கிறேன். வேறு ஆசிரியர்கள் வேறு விதமாகக் கேட்கிறார்கள், ஆகவே உங்கள் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்வதுதான் வழி.

சேலத்து_மென்பொருளர் · 11 செப்டம்பர், இரவு 9.10

எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து எடுப்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. இந்த நீக்கல் முறை 1962-இல் ஹிப்பார்டு வெளியிட்ட கட்டுரையிலிருந்து அவர் பெயராலேயே வழங்குகிறது. எப்போதும் வலப்பக்கத்திலிருந்தே எடுப்பதால், சேர்த்தலும் நீக்கலும் மாறி மாறி நெடுநேரம் நடக்கும் மரம் இடப்பக்கம் சாயத் தொடங்குகிறது, ஆழம் log n அளவில் நிற்காமல் √n அளவுக்கு வளர்கிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் மாற்றி மாற்றி எடுத்தால் சாய்வு குறைவதை நான் இயக்கிப் பார்த்திருக்கிறேன். ஆனால் மேடம் சொன்ன 40 சிக்கல் அப்போது குறுக்கே வரும். ஏழு கணுக்கள் உள்ள லேப் மரத்துக்கு இது தேவையில்லை.

இரண்டாம்_ஆண்டு · 12 செப்டம்பர், இரவு 7.30

மேடம் சொன்ன இரண்டு சோதனைகளையும் சேர்த்து, 65 உட்பட எட்டு எண்களைச் சேர்த்துவிட்டு, மரம் காலியாகும்வரை ஒவ்வொரு முறையும் ரூட்டில் இருப்பதையே நீக்கும்படி ஒரு சிறிய சுழல் எழுதினேன். நீங்கிய வரிசை இது.

```
50 60 65 70 80 30 40 20
```

தாளில் வைத்துப் பார்த்தபோது, இந்த ஒரே ஓட்டத்தில் பல நிலைகள் வந்துவிடுகின்றன. 50-இல் சக்சஸர் தொலைவில் இருக்கிறது, அதற்கு வலப்பக்கம் 65-உம் இருக்கிறது. 65-ஐ நீக்கும்போது சக்சஸர் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கேதான் என் பழைய நிரல் உடைந்தது. 80-இல் இடப்பக்கம் மட்டும் மிச்சம், கடைசி 20-இல் எதுவும் இல்லாத ரூட். மென்பொருளர் அண்ணா சொன்ன சாய்வையும் இதிலேயே காண முடிகிறது, 80 வரை வலப்பக்கமே கரைந்துகொண்டு வருகிறது. `-fsanitize=address` உடன் இயக்கியபோது எந்தச் செய்தியும் வரவில்லை.

`if` வடிவத்தையே வைத்துக்கொண்டேன்.

லேப்_மேடம் · 12 செப்டம்பர், இரவு 8.05

வலப்பக்கம் மட்டும் கிளை உள்ள கணுவை நீங்கள் நீக்கச் சொன்ன இடம் இந்த வரிசையில் ஒன்றுகூட இல்லை. 10, 20, 30 என்று ஏறுவரிசையிலேயே சேர்த்துவிட்டு இதே சுழலை ஒருமுறை இயக்குங்கள். அது முடிந்தவுடன், காலி மரத்தில் ஓர் எண்ணை நீக்கச் சொல்லிப் பாருங்கள். வெளியிலிருந்து வரும் தேர்வாளர்கள் பெரும்பாலும் அதில்தான் தொடங்குவார்கள்.